ஏழு மாதத்துக்கு எழுதுங்கள்

ஆண்டு மதிப்பீட்டுக் காலத்தில் குழுத் தலைவர்கள் எழுதும் கருத்துகளைப் படித்து ஒப்புதல் தருவது என் பொறுப்புகளில் ஒன்று. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவர்களைப் பற்றியவற்றைத் தனியாக எடுத்து வைத்து நிதானமாகப் படிப்பேன். அவற்றில் கெட்ட எண்ணம் இருப்பது அரிது. ஆனாலும் விடுப்பு எடுத்ததற்கான தண்டனை ஏதாவது ஒரு சொல்லிலோ கணக்கிலோ புகுந்திருக்கும். எழுதியவருக்கே அது தெரிந்திருக்காது.

ஒருமுறை வந்த வரைவு இது. ஒப்பந்தப் புதுப்பிப்புகளைக் கவனிக்கும் ஊழியர் அவர். ஆண்டின் நடுவில் ஐந்து மாதம் விடுப்பில் இருந்தார். "நீண்ட விடுப்பில் இருந்தபோதிலும், 36 புதுப்பிப்புகளில் 19-ஐ முடித்துள்ளார். திரும்பிய பின் மெல்ல வேகம் எடுத்துவருகிறார். ஆண்டு முழுவதும் சீரான பங்களிப்பு இருந்தால் மேலும் சிறப்பாக இருக்கும்." பரிந்துரைத்த தரநிலை, ஐந்துக்கு மூன்று.

குழுத் தலைவர் அவரை மதிப்பவர். "பாராட்டித்தானே எழுதியிருக்கிறேன், மேடம்?" என்று கேட்டார். அவரை உட்காரவைத்து, ஆண்டின் நடுவில் சேர்ந்த இன்னொருவருக்கு அவரே எழுதியிருந்த கருத்தைப் பக்கத்தில் வைத்தேன். அந்தப் புதியவரும் ஏறக்குறைய அதே கால அளவுதான் வேலை பார்த்திருந்தார். அதில் "இருந்தபோதிலும்" இல்லை. "ஆண்டு முழுவதும்" என்ற எதிர்பார்ப்பும் இல்லை. சேர்ந்த நாளிலிருந்து செய்த வேலை மட்டும் எழுதப்பட்டு, அதற்கு நான்கு தரப்பட்டிருந்தது. இரண்டையும் படித்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எதிலிருந்து தொடங்கலாம்?" என்றார்.

கணக்கிலிருந்து தொடங்கினோம். 36 என்பது பன்னிரண்டு மாதத்துக்கான இலக்கு, மாதத்துக்கு மூன்று. பணியில் இருந்தது ஏழு மாதம் என்றால் இலக்கு 21. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த ஏழில் இரண்டு மாதங்கள் மற்ற மாதங்களைப் போன்றவை அல்ல. கிளம்புவதற்கு முந்தைய மாதத்தின் பெரும்பகுதி பொறுப்புகளை ஒப்படைப்பதிலும் குறிப்பு எழுதிக்கொடுப்பதிலும் போயிற்று. திரும்பிய முதல் மாதம், இடையில் மாறியிருந்த மென்பொருளைப் பழகுவதிலும் கைமாறிப்போன வாடிக்கையாளர்களைத் திரும்பப் பெறுவதிலும் போயிற்று. இரண்டுமே நிறுவனம் கேட்ட வேலைகள். ஒவ்வொன்றையும் அரை மாதமாக எடுத்தால் ஐந்து முழு மாதத்துக்கு 15, இரண்டு அரை மாதத்துக்கு 3, ஆக 18. அவர் முடித்தது 19. பாதியைச் சற்றே தாண்டியவராகத் தெரிந்தவர், உண்மையில் இலக்கைக் கடந்தவர்.

இந்தத் திருத்தத்தை அவர் திரும்பிய வாரத்திலேயே எழுத்தில் முடித்திருக்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் செய்தால் ஒருவருக்காக எண்ணை வளைத்ததுபோல் தோன்றும். எனவே எந்த மாதம் ஏன் அரையாக எடுக்கப்பட்டது என்று எழுதி, மனிதவளத் துறையின் ஒப்புதலையும் வாங்கிவிட்டே படிவத்தில் சேர்த்தோம்.

எண்ணில் வராத ஒன்றும் இருந்தது. விடுப்பு தொடங்கிய மாதத்தில் நான்கு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. அவை பொறுப்பேற்ற சக ஊழியரின் கணக்கில் இருந்தன. பழைய மின்னஞ்சல்களைத் திறந்து பார்த்தபோது, நான்கிலும் விலையைப் பேசி முடித்தவர் இவர் என்று தெரிந்தது. எண்ணிக்கையைச் சக ஊழியரிடமிருந்து பிடுங்கவில்லை. கடைசி வரை கொண்டுசேர்த்தது அவர் உழைப்பு. இருவர் கருத்திலும் அவரவர் பங்கை எழுதினோம். விடுப்புக்கு முன் செய்த வேலை மதிப்பீட்டு நேரத்தில் யார் நினைவிலும் இருப்பதில்லை. கண்முன் நிற்பது திரும்பிய பிறகு தடுமாறிய முதல் சில வாரங்கள்தான். அதனால்தான் நினைவை நம்பாமல் பதிவுகளைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பரிந்துரையை நான்காக மாற்றினோம். தரநிலைகளை ஒப்பிட்டு இறுதிசெய்யும் கூட்டத்தில், எதிர்பார்த்த கேள்வி வந்தது. "ஆண்டு முழுவதும் சுமந்தவருக்கும் ஏழு மாதம் இருந்தவருக்கும் ஒரே நான்கா?" கேட்டவரின் ஆதங்கம் நியாயமானது, அவர் குழுவில் ஒருவர் உண்மையிலேயே அதிகம் சுமந்திருந்தார். ஆனால் எங்கள் விதிப்படி ஊக்கத்தொகை ஏற்கெனவே பணியில் இருந்த நாட்களுக்கு ஏற்பக் குறைத்தே கணக்கிடப்படுகிறது. தரநிலை காட்டுவது வேலை எந்த மட்டத்தில் இருந்தது என்பதை. எவ்வளவு காலம் நடந்தது என்பதைத் தொகை காட்டிவிடுகிறது. கால அளவுக்காகத் தரநிலையையும் குறைத்தால் ஒரே விடுப்புக்கு இரண்டு முறை கழிக்கிறோம். இரண்டாவது கழிவு அந்த ஆண்டோடு முடியாது; அடுத்த சம்பள உயர்வுக்கும் பதவி உயர்வுக்கும் அந்த மூன்றைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அதிகம் சுமந்தவருக்கு உரியதை அவருடைய படிவத்தில் தாராளமாக எழுதலாம். அதற்கு இவருடையதைக் குறைக்கத் தேவையில்லை.

கடைசியில் போன கருத்து இப்படி இருந்தது: "மதிப்பீட்டுக்குரிய காலம் ஏழு மாதங்கள். திருத்திய இலக்கு 18, முடித்தவை 19. விலை உயர்வை ஏற்கத் தயங்கிய மூன்று வாடிக்கையாளர்களுக்குச் சேவைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டி, தள்ளுபடி தராமலேயே ஒப்பந்தத்தை நீட்டித்தார். அவர் விலை பேசி முடித்த நான்கு ஒப்பந்தங்கள் அவருடைய ஒப்படைப்புக் குறிப்புகளைக் கொண்டு தடையின்றி முடிந்தன." விடுப்பு என்ற சொல்லே இல்லை, காலம் மட்டும் சொல்லப்பட்டிருக்கிறது. காரணமும் இல்லை. "உடல்நலம் தேறி", "குடும்பப் பொறுப்புகளுக்கிடையே", "துணிவுடன் மீண்டு வந்து" என்று அன்பாக எழுதுகிறவர்கள் உண்டு. படிவம் பல ஆண்டுகள் கோப்பில் இருக்கும். அந்த ஊழியரை அறியாத ஒருவர் நாளை அதைப் படித்து அவருடைய உடம்பையும் வீட்டையும் பற்றி யோசிக்கத் தொடங்குவார். அதற்கு நாம் வழிவிடக் கூடாது.

குறையையும் எழுதினோம். திரும்பி மூன்று மாதம் கழித்து, இரண்டு ஒப்பந்தங்களில் முடிவுத் தேதியைத் தவறாகப் பதிந்ததால் விலைப்பட்டியல்கள் தாமதமாகப் போயின. குழுத் தலைவர் முதலில் அதை விட்டுவிட நினைத்தார். பிறகு "விடுப்புக்குப் பின் பழக நேரம் எடுத்ததால்" என்று சேர்க்கப் பார்த்தார். மூன்று மாதத்தில் மென்பொருள் பழகிவிட்டது. அந்தத் தவறு வேறு எவருக்கும் நேரக்கூடியது. நடந்ததையும், இனிப் பதிவை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னேன். குறையை மறைத்தால் அவருக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை. விடுப்போடு முடிச்சுப் போட்டால் அவர் திருத்தவே முடியாத ஒன்றாக ஆகிவிடுகிறது.

அந்த ஆண்டுக்குப் பிறகு ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். நீண்ட விடுப்பில் போகிறவரும் அவருடைய குழுத் தலைவரும் கடைசி வாரத்தில் சேர்ந்து ஒரு பக்கம் எழுதுகிறார்கள்: அதுவரை முடித்தவை, பேச்சு எந்த நிலையில் நிற்கிறது, எதை யார் எடுத்துக்கொள்கிறார். அந்தக் காலத்துக்கான மேலாளர் கருத்தும் தரநிலையும் அப்போதே எழுதப்பட்டு, இருவரும் கையெழுத்திடுகிறார்கள். திரும்பும்போது மீதி மாதங்களுக்கான இலக்கு அதே தாளின் கீழே சேர்கிறது. இடையில் குழுத் தலைவர் மாறிவிட்டால்தான் அதன் அருமை தெரிகிறது; புதிதாக வந்தவர் தான் பார்க்காத மாதங்களை ஊகிக்க வேண்டியதில்லை.