ஓர்டர் போகுமுன் மார்ஜினையும் லெவரேஜ் வரம்பையும் சரிபார்த்தல்

ஹட்டனில் இருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக, Binance என்ற கிரிப்டோ பரிவர்த்தனைத் தளத்தின் பியூச்சர்ஸ் கணக்கில் தானாக ஓர்டர் இடும் நிரலொன்றைச் சோதனைத் தளத்தில் சீர்செய்தேன். எனக்குக் கிடைத்த பழைய நிரல் `availableBalance` போதுமா என்று மட்டுமே பார்த்தது. பணம் இருந்தும் சில ஓர்டர்கள் -2027 என்ற பிழையுடன் திரும்பின. பிணையாகப் பிடிக்கப்படும் மார்ஜின் போதாவிட்டால் வருவது -2019. -2027 என்பதோ, தெரிவுசெய்த லெவரேஜுக்கு அனுமதிக்கப்பட்ட பொசிஷன் அளவைத் தாண்டியதைக் குறிப்பது.

அந்த உச்சவரம்பு `/fapi/v1/leverageBracket` தரும் படிநிலைகளில் இருக்கிறது. லெவரேஜ் கூடக்கூட வரம்பு சுருங்கும். படிநிலைகளைப் பரிவர்த்தனைத் தளம் அவ்வப்போது மாற்றுவதால், எண்களை நிரலுக்குள் எழுதி வைக்காமல் ஒவ்வொரு தொடக்கத்திலும் வாசித்துக்கொள்வதே நல்லது.

```python
cap = max(b["notionalCap"] for b in brackets
          if b["initialLeverage"] >= lev)
```

கணக்கை விளங்கிக்கொள்ள, எண்களை எளிமையாக்கி ஓர் உதாரணம் தருகிறேன். கணக்கில் 3,250 டொலர் இருக்கிறது. 20 மடங்கு லெவரேஜில் 25,000 டொலர் பெறுமதியான பொசிஷன் ஏற்கெனவே திறந்திருப்பதால் 1,250 டொலர் மார்ஜினாகப் பிடிபட்டு, 2,000 டொலர் மிஞ்சுகிறது. அதே திசையில் 30,000 டொலருக்குப் புதிய ஓர்டர் இட 1,500 டொலரே வேண்டும் என்பதால், பழைய நிரல் தாராளமாக அனுமதித்துவிடும். ஆனால் 20 மடங்குக்கான வரம்பு 50,000 டொலர் என்றால், மொத்தம் 55,000 ஆகி ஓர்டர் திரும்பிவிடும்.

லெவரேஜை 10 ஆகக் குறைத்தால் வரம்பு விரியும் என்பது வாடிக்கையாளரின் யோசனை. அது இங்கே உதவாது. ஏனெனில் பொசிஷன்கள் எல்லாம் ஒரே மீதியைப் பகிரும் கிராஸ் முறையில் பழைய பொசிஷனின் மார்ஜினும் 2,500 ஆக உயர்ந்து, புதியதற்கான 3,000 உடன் சேர்ந்து 5,500 டொலர் வேண்டியிருக்கும். ஆகவே ஓர்டரை 24,000 டொலராகச் சுருக்கினேன். 1,200 டொலர் மார்ஜின் போக, கட்டணத்துக்கும் விலை ஆட்டத்துக்கும் இடம் மிஞ்சியது.

இக்கணக்கில் இன்னும் நிறைவேறாத ஓர்டர்களையும் சேர்க்க வேண்டும். விலைக்கு, கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலையைவிட, தளம் கணித்து வெளியிடும் மார்க் விலையே பொருத்தம்; கணக்கின் இலாப நட்டமும் அதை வைத்தே கணிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் இங்கே இணைப்பு விட்டுவிட்டு வருவதால், வாசித்த தரவு சில விநாடிகள் பழையதாகிவிட்டால் அதை நம்பாமல் மீண்டும் கேட்கும்படி செய்தேன். இரண்டு உத்திகள் ஒரே மீதியைப் பார்த்து ஒருசேர அனுமதி பெறாதபடி, சரிபார்ப்பிலிருந்து பதில் வரும்வரை பூட்டு ஒன்றையும் போட்டேன்.

`reduceOnly` குறியுள்ள ஓர்டர்களை மட்டும் இந்த வாசலில் நிறுத்தவில்லை. மார்ஜின் வற்றிய வேளையில் பொசிஷனைக் குறைக்க வரும் ஓர்டரையே மீதி போதவில்லை என்று தடுத்தால், கணக்கு வலுக்கட்டாயக் கலைப்பை நோக்கித்தான் போகும்.