தூங்குகிறார் என்றுதான் நானும் நினைத்தேன்

“குறட்டை விட்டுத் தூங்கிட்டு இருந்தார் டாக்டர். அதான் எழுப்பாம வேலைக்குப் போயிட்டேன்.”

அந்த அம்மா இதை என்னிடம் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் நான், “நீங்க என்னம்மா பண்ணுவீங்க, தூங்கறார்னுதான் யாரும் நினைப்பாங்க” என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். ஆனால் மூன்றாவது முறை சொல்லும்போது, அது அவருக்கான பதிலா எனக்கான பதிலா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். இரண்டு வருடமாக இரவில் தூக்க மாத்திரை போடுகிறவர். அன்று குடித்துவிட்டு, வழக்கத்தைவிட அதிகமாக மாத்திரையும் போட்டிருக்கிறார். காலை 6 மணிக்கு மனைவி கிளம்பும்போது குறட்டை. 10 மணிக்குத் திரும்பி வந்தபோதும் அதே குறட்டை, ஆனால் உலுக்கினாலும் எழவில்லை. 10.40-க்கு எங்கள் கேஷுவாலிட்டியில் இருந்தார். சட்டையில் காய்ந்த வாந்தி.

முதல் பத்து நிமிடம் நான் சரியாகத்தான் செய்தேன். இதை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தக் குறட்டை தூக்கத்தின் குறட்டை இல்லை. தசையெல்லாம் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைத்தால் வருகிற சத்தம். தாடையின் இரு பக்க மூலையிலும் விரல் வைத்து முன்னால் தூக்கினேன். சத்தம் நின்றது. வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்துவிட்டு, நாக்கு மறுபடி சரியாமல் இருக்க வளைந்த பிளாஸ்டிக் ஏர்வேயைச் செருகினேன். பத்து லிட்டரில் ஆக்சிஜன் மாஸ்க். விரலில் மாட்டிய கிளிப்பில் ஆக்சிஜன் அளவு 86 என்று இருந்தது மெல்ல ஏறி 98 ஆனது. விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தாயிற்று, 118. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கவில்லை, அதனால் ஓபியம் வகை மருந்தாக இருக்கும் சாத்தியம் குறைவு. வேறு மாத்திரை ஏதாவது சேர்ந்திருந்தால் இசிஜியில் தடயம் கிடைக்கலாம், அதுவும் சரியாக இருந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அந்தப் பிளாஸ்டிக் ஏர்வே நாக்கின் அடிப்பகுதியைத் தொடும். உள்ளே கொஞ்சம் உணர்வு இருந்தாலும் ஓங்கரிப்பார்கள், துப்பிவிடுவார்கள். இவர் ஒன்றுமே செய்யவில்லை. ‘நல்லா ஏத்துக்கிட்டார்’ என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. ஏற்றுக்கொண்டார் என்றால் தொண்டை காவலில் இல்லை என்று அர்த்தம். வாந்தி மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குத்தான் போகும்.

அப்புறம் ஒரு விபத்து கேஸ் வந்தது. நான் அங்கே போனேன்.

11.10-க்கு சிஸ்டர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வருடம் அதிக அனுபவம் உள்ளவர். “சார், இவர் மூச்சு எட்டுதான் இருக்கு.”

நான் திரும்பி மானிட்டரைப் பார்த்தேன். “98 இருக்கே சிஸ்டர்.”

அவர் பதில் சொல்லவில்லை. மானிட்டரையும் பார்க்கவில்லை. நோயாளியின் மேல்வயிற்றில் இடது கையை வைத்து, வலது கைக் கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி எண்ண ஆரம்பித்தார். நான் விபத்து கேஸுக்குத் தையல் போடத் திரும்பிவிட்டேன்.

இதைத்தான் இன்னமும் ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நான் சொன்னது பொய் இல்லை, 98 இருந்தது. ஆனால் அந்த எண், நான் நினைத்த கேள்விக்கான பதில் இல்லை.

மூச்சுக்கு இரண்டு வேலை. ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவது ஒன்று, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுவது இன்னொன்று. விரல் கிளிப் முதல் வேலையை மட்டும்தான் பார்க்கும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு மூச்சு பாதியாகக் குறைந்தால், இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய இரண்டு மடங்காகும், கூடவே ஆக்சிஜனும் எண்பதுகளுக்குச் சரியும். கிளிப் கத்தும். நாம் ஓடுவோம். அவரே மாஸ்க்கில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் சுவாசிக்கும்போது, நிமிடத்துக்கு ஏழெட்டு மேலோட்டமான மூச்சே ஆக்சிஜனுக்குப் போதும். கிளிப் 98, 99 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு மட்டும் சேர்ந்துகொண்டே போகும். அது ஏற ஏற அதுவே மயக்கத்தைக் கூட்டும், மயக்கம் கூடக்கூட மூச்சு இன்னும் குறையும். நான் போட்ட மாஸ்க் அவருக்குத் தேவையானது. அதே மாஸ்க்தான் அபாய மணியையும் அமர்த்திவைத்தது. மாஸ்க் போட்ட பிறகு மூச்சை எண்ணினால்தான் உண்மை தெரியும், அல்லது வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி வேண்டும். எங்கள் கேஷுவாலிட்டியில் அந்தக் கருவி இல்லை. சிஸ்டரின் கை இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

11.35-க்கு மறுபடி கூப்பிட்டார். இந்த முறை குரல் வேறு மாதிரி இருந்தது. “சார், ஆறு. வந்து பாருங்க.” நெற்றியெல்லாம் வியர்வை. கை சூடாக, நாடி துள்ளித் துள்ளி அடித்தது. பிரஷர் 160-க்கு மேல். வந்த புதிதில் மார்பெலும்பில் அழுத்தித் தேய்த்தபோது முகம் சுளித்தவர், இப்போது அசையவில்லை. திரையில் அப்போதும் 97.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, ஆம்பு பையை முகத்தில் பொருத்தி, ஐந்தாறு விநாடிக்கு ஒரு முறை அழுத்தினேன். வேகமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், அதனால் நெஞ்சு லேசாக எழும் அளவுக்கு மட்டும். மணிக்கட்டு தமனியிலிருந்து எடுத்த இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 82. இயல்பு 35 முதல் 45 வரை. மயக்க மருத்துவர் வந்து மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்.

வெளியே உறவினர்கள். “வயித்தைக் கழுவலையா?” என்று ஒருவர் கேட்டார். மாத்திரை போட்டுப் பல மணி நேரம் ஆகிவிட்டது, வயிற்றில் எடுக்க ஒன்றும் இருக்காது, காவல் இல்லாத தொண்டை வழியாகக் கழுவினால் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும் என்றேன். “மாத்து மருந்து இருக்காமே?” என்றார் மருந்துக்கடையில் வேலை செய்யும் மைத்துனர். இருக்கிறது, ஃப்ளூமசெனில். ஆனால் இரண்டு வருடமாகத் தினமும் இந்த மாத்திரைக்குப் பழகிய உடம்பில் அதை ஏற்றினால் வலிப்பு வரலாம். வலிப்பு வந்தால் நிறுத்தக் கொடுக்கும் மருந்தும் இதே வகைதான், அதைத்தான் நாம் தடுத்து வைத்திருப்போம். அதோடு அதன் வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், டயசிபாம் போன்றவை உடம்பில் நாள் கணக்கில் நிற்கும். எழுந்து உட்கார்ந்து பேசியவர் மறுபடி சரிவார், அதற்குள் எல்லோரும் நகர்ந்திருப்பார்கள். இந்த மாத்திரைக்கு உண்மையான சிகிச்சை, அது உடம்பைவிட்டுப் போகும்வரை அவருக்காக மூச்சுவிட்டுக் கொடுப்பதுதான். இதை அவர்களிடம் தெளிவாகவே சொன்னேன். அரை மணி நேரம் அதைச் செய்யாமல் இருந்தவன்தான் சொன்னேன்.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. மயக்கத்தில் வருகிறவருக்கெல்லாம் குழாய் போடக்கூடாது. 2023-இல் ஜாமா இதழில் வந்த பிரான்ஸ் நாட்டு ஆய்வு, விஷமோ மருந்தோ அதிகமாகி ஆழ்ந்த மயக்கத்தில் வந்த 225 பேரைப் பார்த்தது. மயக்க அளவெண் எட்டோ அதற்குக் கீழோ இருந்தாலும், உடனே குழாய் போடாமல் கண்காணித்தவர்களுக்குச் சிக்கல்கள் குறைவாகவே வந்தன. அன்று நான் காத்திருந்ததற்கு இதை மனசுக்குள் எத்தனையோ முறை ஆதாரமாகக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த ஆய்விலேயே மூச்சு கெட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்போ ஷாக்கோ வந்தாலோ குழாய் போட்டுவிட வேண்டும் என்று வைத்திருந்தார்கள். இவர் வாந்தியோடு வந்தவர். அதோடு அவர்கள் காத்திருந்தது பக்கத்தில் நின்று. நான் காத்திருந்தது வேறொரு படுக்கையில் தையல் போட்டுக்கொண்டு. இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை குழாயை எடுத்தோம். அன்று மாலையே காய்ச்சல், வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிழல். வாந்தி உள்ளே போயிருக்கிறது. எப்போது போனது? வீட்டில், 6 மணிக்கும் 10 மணிக்கும் நடுவிலா? சட்டையில் காய்ந்திருந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இல்லை, 11.10-க்கும் 11.35-க்கும் நடுவிலா? எக்ஸ்ரே நேரம் சொல்லாது. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கில் சரியானார், மூளைக்கு ஒரு பாதிப்பும் இல்லை. முடிவு நல்லபடியாக இருந்ததாலேயே யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

கேஸ் ஷீட்டில் சிஸ்டரின் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ‘11.10: மூச்சு 8. டியூட்டி டாக்டரிடம் சொல்லப்பட்டது.’ அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, வழக்கமாக எழுதுவதுதான். இரண்டு நாள் கழித்து நானே அவரிடம் போய், “அன்னைக்கு நீங்க சொன்னப்பவே வந்திருக்கணும் சிஸ்டர்” என்றேன். “தையல் கேஸும் ரத்தமா கொட்டிட்டுத்தானே சார் இருந்துச்சு” என்றார். மன்னித்தாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா, எனக்குத் தெரியவில்லை. நான் இன்னொன்றும் யோசிக்கிறேன். “எட்டுதான் இருக்கு” என்பதற்குப் பதில் “மூச்சு பத்தலை, பை எடுங்க” என்று அவர் சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேனா? பழியை அவர் பக்கம் நகர்த்துகிறேனோ என்று உடனே தோன்றுகிறது. டாக்டரிடம் சிஸ்டர் அப்படிப் பேசுகிற இடமாக நாங்கள் அதை வைத்திருக்கவில்லை.

குழாய் எடுத்த அன்றே, “கண்ணு முழிச்சுட்டார், கூட்டிட்டுப் போறோம்” என்று மைத்துனர் அவசரப்படுத்தினார். தற்கொலை முயற்சி என்று போலீஸ் வந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது அவர்களுக்கு. ஏஆர் என்கிற விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவது எங்கள் வேலை, சிகிச்சை அதற்காக நிற்காது, 2017 மனநலச் சட்டம் இவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது என்று சொல்லிப் புரியவைத்தேன். அவரை நடக்கவிட்டுப் பார்த்தேன். வார்டின் பாதி தூரத்தில் சுவரைப் பிடித்தார். பேச்சு தெளிந்த பிறகும் மருந்து காலில் இருக்கும். மூன்றாம் நாள் நேராக நடந்தார். மனநல மருத்துவர் அவரோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசினார், மாத்திரை இனி மனைவி கையில் இருக்கட்டும் என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார். “இனிமே ராத்திரி அவர் தூங்கறாரா, இல்ல அப்படி ஆயிட்டாரான்னு எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்?”

பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளைப் பிடித்து உலுக்குங்கள், தூங்குகிறவர் திட்டவாவது செய்வார் என்றேன். எழவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் அவர் கையைப் பிடித்துக் கணவரின் மேல்வயிற்றில் வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணச் சொன்னேன். உதடு அசைய எண்ணினார். நடுவில் கணவர் கூச்சத்தில் நெளிந்து கையை விலக்கப் பார்த்தார், அவர் விடவில்லை.

“பதினாறு” என்றார்.

நானும் கூடவே எண்ணியிருந்தேன். பதினாறுதான்.