வாக்கியப் பஞ்சாங்கத்தை விரிதாளில் ஏற்றுதல்: திதிப் பத்தி முடிந்தது

குரோதி வருடத்து (2024-25) வாக்கியப் பஞ்சாங்கத்தை நாளுக்கு ஒரு வரி என்று விரிதாளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தேதி, கிழமை, சூரிய உதயம், திதி, அது முடியும் நாழிகை, விநாழிகை வரை ஆகிவிட்டது. நட்சத்திரமும் யோகமும் பாக்கி.

பக்கத்தை ஸ்கேன் செய்து மொத்தமாக எழுத்துணரியிடம் கொடுத்தால் கோடுகளும் சுருக்கெழுத்துகளும் சேர்ந்து குழம்பிவிடுகின்றன. எண் பத்தியை மட்டும் வெட்டி எடுத்து, எண்கள் தவிர வேறெதையும் தேடாதே என்று சொல்லிவிட்டால் பரவாயில்லை:

```
tesseract pathi.png out --psm 6 -c tessedit_char_whitelist=0123456789.
```

திதிப் பெயர்களைக் கையால்தான் அடித்தேன். வரிசையாக வருபவைதானே, இதற்குப் பெரிய வேலையில்லை.

எண்களை ஒட்டும் முன்பே அந்தப் பத்திகளை ‘உரை’ வகைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் 22.30 என்பது 22.3 ஆகிவிடும், அது 3 விநாழிகையா 30-ஆ என்று அப்புறம் தெரியாது. இடையில் சிறுகோடு போட்ட பஞ்சாங்கம் என்றால் இன்னும் மோசம், 12-10 என்பதை மென்பொருள் ஒரு தேதியாகவே மாற்றிவிடும். நாழிகை ஒரு பத்தி, விநாழிகை ஒரு பத்தி என்று பிரித்த பிறகு எண்ணாக்கினேன்.

மணிக்கு மாற்றுவது சுலபம். நாழிகை உதயத்திலிருந்து ஓடுகிறது. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஆக, நாளுக்கு 3600 விநாழிகை. விரிதாளும் ஒரு நாளை 1 என்றே வைத்துக்கொள்வதால் 24 நிமிடக் கணக்கெல்லாம் தேவையில்லை. A-இல் தேதி, B-இல் உதயம், D-இல் நாழிகை, E-இல் விநாழிகை என்றால், முடியும் நேரம் F-இல்:

```
=A2+B2+(D2*60+E2)/3600
```

உதயம் 6.03, திதி 22.35 வரை என்றால் 9 மணி 2 நிமிடம் கூடி மாலை 3.05. அதே உதயத்துக்கு 52.10 என்றால் பின்னிரவு 2.55, அதாவது மறுநாள் ஆங்கிலத் தேதி. பஞ்சாங்க நாள் உதயத்தில் தொடங்குவதால் வரி பழைய தேதியிலேயே இருக்க வேண்டும். தேதியையும் கூட்டியிருப்பதால் முடியும் நேரம் மட்டும் தானாக மறுநாளுக்குப் போய்விடும்.

நாளுக்கு ஒரு வரி என்ற ஏற்பாட்டுக்கு இடைஞ்சல் தரும் நாட்கள் இரண்டு வகை. ஒன்று, இரண்டு திதிகள் முடியும் நாள். அதற்காக இரண்டாவது திதிக்குத் தனிப் பத்திகள் வைத்தேன். அது முடியும் நேரம் J-இல். மற்றது, திதி எதுவும் முடியாத நாள், அங்கே 60.00 என்று அச்சாகியிருக்கும். அதை அப்படியே கணக்கில் விட்டால் மறுநாள் உதயத்தில் திதி முடிந்ததாகப் பொய் சொல்லும். அந்த நாளின் F கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

பிழை பிடிப்பதற்குப் பஞ்சாங்கமே வழி வைத்திருக்கிறது. வாக்கியக் கணக்கில் ஒரு திதியின் அளவு 60 நாழிகையிலிருந்து 5 வரை கூடலாம், 6 வரை குறையலாம். ‘பாண விருத்தி, ரச க்ஷயம்’ என்பார்கள். அதாவது 54 முதல் 65 வரை. அதனால் ஒவ்வொரு முடிவிலிருந்தும் அதற்கு முந்தைய முடிவைக் கழித்துப் பார்த்தேன்:

```
=IF(F3="","",(F3-MAX(F$2:F2,J$2:J2))*60)
```

MAX போட்டிருப்பது அந்த இரண்டு வகை நாட்களுக்காகத்தான். முந்தைய முடிவு எந்தப் பத்தியில் இருந்தாலும் சரி, நடுவே காலிக் கட்டம் இருந்தாலும் சரி, கடைசியாக வந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

அடுத்தடுத்த நாட்களில் 25.10, 22.35, 20.20 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுத் திதியின் அளவு 57 நாழிகை 25 விநாழிகை, அடுத்தது 57.45. 22-ஐ எழுத்துணரி 12 என்று படித்தால் இவை 47.25, 67.45 ஆகும். முதலாவது பத்து குறைகிறது, அடுத்தது அதே பத்து கூடுகிறது. இப்படி ஜோடியாக வந்தால் தப்பு இரண்டுக்கும் பொதுவான கட்டத்தில்தான். புத்தகத்தில் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் போதும். 22 என்பது 23 ஆனால் எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆனால் திதியின் அளவு நாளுக்கு நாள் நிதானமாகத்தான் மாறும் என்பதால், வரைபடம் போட்டால் அந்த இடத்தில் மட்டும் ஒரு கோணல் தெரியும். விநாழிகையில் ஒன்றிரண்டு பிசகினால் இதில் சிக்காது. ஒரு விநாழிகை 24 வினாடிதான், நான் விட்டுவிட்டேன்.

இணையத்தில் கிடைக்கும் திருக்கணித நேரங்களோடு ஒப்பிட்டுப் பிழை தேடுவது வீண் வேலை. இரண்டு முறைக்கும் இடையே சில மணி நேர வித்தியாசம்கூட வரும். சரியாகப் படித்த எண்ணும் தப்பாகத் தெரியும்.

உதயப் பத்திக்கு இவ்வளவு பாடில்லை. நம் பக்கத்தில் சூரிய உதயம் அடுத்தடுத்த நாட்களில் ஒரு நிமிடத்துக்கு மேல் நகராது; இரண்டு நிமிடம் தாவினாலே சந்தேகப்படலாம். கிழமையை `=WEEKDAY(A2)` கொண்டு சரிபார்த்தேன். சித்திரை முதல் தேதி, 2024 ஏப்ரல் 14, ஞாயிறு, ஆக 1 வர வேண்டும். தமிழ் மாதம் 29 நாளிலிருந்து 32 நாள் வரை போவதால், மாதம் மாறும் இடத்தில் ஒரு வரி விட்டுப்போனால் கிழமை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து நட்சத்திரம். சூத்திரம் அதேதான், எல்லை எண்களை மட்டும் மாற்ற வேண்டும்.