மணிக்கு ஒரு நிமிடம் முந்திய ஜனதா

மணிக்கு ஒரு நிமிடம் வீதம் முந்திக்கொண்டிருந்த என் பழைய எச்எம்டி ஜனதா ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. "சர்வீஸ் செய்தது" என்ற உறுதிமொழியோடு விற்கப்பட்ட கடிகாரம் இது. அந்தச் சர்வீஸின் இலட்சணம் என்ன என்பது பின்மூடியைத் திறந்து லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது.

சாவி கொடுப்பதை அளவோடு நிறுத்தினால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொன்னார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் மெயின் ஸ்பிரிங் சக்தியைத் தருகிறதே தவிர, வேகத்தை நிர்ணயிப்பதில்லை. பற்சக்கரங்கள் வழியாக வரும் அந்தச் சக்தியை எஸ்கேப் வீலும் பேலட் ஃபோர்க்கும் சிறு சிறு உந்தல்களாகப் பிரித்துப் பேலன்ஸ் வீலுக்குக் கொடுக்கின்றன. அந்தச் சக்கரம் ஒருமுறை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பதை அதன் சுழல் நிலைமமும், அதை நடுநிலைக்கு இழுக்கும் ஹேர் ஸ்பிரிங்கின் விறைப்புமே முடிவு செய்கின்றன. சாவி தீரத் தீர வீச்சு குறையும். ஆனாலும் ஓர் ஊசலுக்கான நேரம் ஏறக்குறைய மாறாது.

ஜனதா மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு 5 முறை, துடிக்க வேண்டிய கடிகாரம். ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடம் முந்துகிறது என்றால் அது 18,300 முறை துடிக்கிறது என்று பொருள். துடிப்பு வேகத்தின் வர்க்கம் சுருளின் நீளத்துக்கு எதிர்விகிதத்தில் இருப்பதால், என் ஹேர் ஸ்பிரிங் தன் நீளத்தில் ஏறத்தாழ 30-இல் ஒரு பங்கை இழந்ததைப் போல நடந்துகொண்டது. சுருளின் இயங்கும் நீளத்தை மாற்றி வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டர் கையை 'மெதுவாக' என்ற பக்கம் முழுவதும் தள்ளினாலும் இவ்வளவு பெரிய பிழை தீராது. ஆகவே சுருள்கள் எங்கோ ஒன்றோடொன்று ஒட்டுகின்றன என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஒட்டுவதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். முதலாவது காந்தம். கடிகாரத்தைச் சிறிய திசைகாட்டியின் மேல் பிடித்தபோது முள் இலேசாகத் துடித்தது. டிமேக்னடைசரின் பொத்தானை அழுத்தியபடியே கடிகாரத்தை மெதுவாக வெளியே இழுத்து, கையளவு தூரம் விலக்கிய பிறகே பொத்தானை விட்டேன். பக்கத்தில் இருக்கும்போதே விட்டுவிட்டால் காந்தம் மீண்டும் ஏறிவிடும். முள் அமைதியானது, வேகமோ குறையவில்லை. எனவே மிஞ்சியது எண்ணெய்தான். பேலன்ஸ் மெல்ல அசையும்போது பார்த்தால், வெளிப்புறச் சுருள்கள் இரண்டு, தலைக்குக் குளித்த கூந்தலின் ஈர இழைகளைப் போல, ஊசலின் ஒரு பகுதியில் ஒட்டி மறுபகுதியில் பிரிந்தன. ஊசல் முழுவதும் ஒட்டியே இருந்திருந்தால் பிழை இதைவிடப் பன்மடங்காக இருந்திருக்கும்.

இதில் கைநடுங்க வைக்கும் கட்டம் பேலன்ஸைக் கழற்றுவதுதான். சக்கரத்தின் மேல்முனையைத் தாங்கும் 'காக்' என்ற தகட்டைத் தூக்கும்போது சக்கரத்தின் முழுப் பாரமும் ஹேர் ஸ்பிரிங்கில் தொங்கும். ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு இழுபட்டால் சுருள் கூம்பாகிவிடும். சக்கரம் காக்கோடு சேர்ந்து எழுகிறதா என்று பார்த்துக்கொண்டே தூக்கி, உடனே தலைகீழாகத் திருப்பிச் சக்கரத்தைக் காக்கின் மேல் உட்கார வைத்தேன். கழுவுவதற்கு லைட்டர் பெட்ரோலையே பயன்படுத்தினேன். ஆல்கஹாலில் ஊற வைத்தால் பேலன்ஸில் ஃபோர்க்கின் உந்தலை வாங்கும் உந்தல் கல்லைப் பிடித்திருக்கும் ஷெல்லாக் பசை இளகிவிடும். பெட்ரோலில் மெல்ல அலசி, ஊதுபந்தால் உலர்த்தி, அழுக்கில்லாத புதிய பெட்ரோலில் மறுபடியும் அலசினேன். பழைய பெட்ரோலிலேயே மீண்டும் முக்கினால், கரைந்த எண்ணெய் சுருளில் திரும்பப் படிந்துவிடும்.

பூட்டியபின், துடிப்பொலியைக் கேட்டு வேகத்தை அளக்கும் டைம்கிராஃபரில் நாளொன்றுக்கு 40 நொடி வேகம் என்று வந்தது. அதன்பின்தான் ரெகுலேட்டரைத் தொட்டேன். நாளுக்கு ஒரு நிமிடம் மாற்ற, சுருளின் இயங்கும் நீளத்தில் 720-இல் ஒரு பங்கு மாற்றமே போதும். ஆகவே ட்வீசர் நுனியால் தொட்டும் தொடாமலும் தள்ள வேண்டியிருந்தது. முகப்பு மேலே பார்த்த நிலையில் இப்போது 8 நொடி வேகம், வீச்சு 265 பாகை. கிரீடம் கீழே இருக்கும் நிலையில் 20 நொடி தாமதம் காட்டுகிறது. இந்த வயதுக் கடிகாரத்துக்கு இது எனக்குப் போதும்.

டிக், டாக் ஒலிகளின் இடைவெளிகள் சமமாக இல்லாத பிழையான பீட் எரர் மட்டும் 1.8 மில்லி நொடியில் நிற்கிறது. அதைச் சரிசெய்ய, ஹேர் ஸ்பிரிங்கின் உள்முனையைப் பேலன்ஸ் தண்டில் பிடித்திருக்கும் பிளவு வளையமான காலெட்டைச் சுமார் 4 பாகை திருப்ப வேண்டும். அதற்கேற்ற மெல்லிய கருவி என்னிடம் இல்லை. கையில் இருக்கும் ஸ்குரூடிரைவரின் அலகு காலெட்டின் பிளவுக்குத் தடிமனாக இருக்கிறது. புதிய மெயின் ஸ்பிரிங்குக்குச் சொல்லிவைத்திருக்கும் உதிரிபாகக் கடைக்காரர் அந்தக் கருவியையும் சேர்த்து வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஸ்பிரிங்கின் அகலத்தையும் தடிமனையும் அளந்து கொடுத்த பிறகும் "எல்லாம் ஒன்றுதான்" என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. தடிமன் கூடினால் வீச்சு எல்லை மீறி, உந்தல் கல் ஃபோர்க்கின் கொம்பைப் பின்னாலிருந்து இடிக்கும். பொட்டலம் வந்ததும் மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரலைத் திறப்பேன்.