சின்னம்மை என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்

புதன்கிழமை காலை கழுத்திலும் மார்பிலும் நீர் கோத்த கொப்புளங்கள். மருத்துவர் பார்த்ததுமே சின்னம்மை என்றார். விடுப்பு உடனே கிடைத்தது. சிக்கலெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

குழுவில் என்ன சொல்வது என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். நோயின் பெயரைச் சொல்ல வேண்டாம், எல்லோரும் பயந்துவிடுவார்கள் என்றார்கள். சரி என்று, "உடம்பு சரியில்லை, ஒரு வாரம் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்று அனுப்பினேன். அந்த ஒரு வரியில் இரண்டு தப்பு.

"பார்த்துக்கொள்கிறேன்" என்றதும் நான் வேலையில் இருப்பதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியவில்லை, மாலைக்குள் ஒன்பது அழைப்புகள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது. வெள்ளிக்கிழமை, பக்கத்து இருக்கைத் தோழி அழைத்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. "அண்ணா, உங்களுக்கு அம்மையாமே? செவ்வாய்க்கிழமை முழுக்க உங்க பக்கத்துலதானே இருந்தேன்?" யாரோ சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே சின்னம்மை தொற்றும். எதிர்ப்புசக்தி இல்லாத கர்ப்பிணிக்குத் தடுப்பு மருந்து தேவைப்பட்டால், தொற்று நேர்ந்த பத்து நாளுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொடுக்க வேண்டும். அதில் மூன்று நாளை நான் வீணாக்கியிருந்தேன். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அவருக்கு நினைவில்லை. அன்றே ரத்தப் பரிசோதனைக்குப் போனார்.

அப்போதே படுத்தபடி வேறொரு செய்தி எழுதினேன். நோய் என்னுடையது, பெயரைச் சொல்லும் முடிவும் என்னுடையதுதானே?

"எனக்குச் சின்னம்மை. திங்கள், செவ்வாயில் என் அருகில் இருந்தவர்களில் இதுவரை அம்மை வராதவர்கள், தடுப்பூசி போடாதவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். அறிகுறி தெரியப் பத்து நாள் முதல் மூன்று வாரம் வரை ஆகலாம். வரும் திங்கள் வரை நான் வேலை பார்க்க மாட்டேன். செவ்வாயிலிருந்து பதினொன்று முதல் பன்னிரண்டு மணி வரை எழுத்தில் மட்டும் பதில் சொல்வேன்."

அதன் கீழே, கையிலிருந்த மூன்று வேலைகளையும் யார் எடுக்கிறார்கள், கோப்பு எந்த அடைவில் இருக்கிறது, எதுவரை முடிந்திருக்கிறது என்று வேலைக்கு ஒரு வரி எழுதினேன். எடுப்பவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரே ஒரு அழைப்புதான் வந்தது, அதுவும் நலம் விசாரிக்க.

மேலாளர் மட்டும் திரும்பும் தேதியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தேதி சொல்லாதீர்கள். புதிதாக எதுவும் வராமல் எல்லாக் கொப்புளங்களும் பொருக்கு கட்டிய பிறகு வருகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாளில் அது நடந்துவிடும் என்றார் மருத்துவர். எனக்கு எட்டு நாள் ஆனது.

தோழியின் முடிவு சனிக்கிழமை மாலை வந்தது. எதிர்ப்புசக்தி இருக்கிறதாம். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் அன்றிரவு தூங்கினேன்.