முப்பத்திரண்டு புள்ளிகளில் ஆட்களே இல்லை

எம்.ஏ. சமூகவியல் முதல் வருடம், ஆய்வு முறைகள் தாளுக்கு ஒரு அசைன்மென்ட். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஏதாவது இரண்டு விவரங்களை எடுத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பார்த்து முடிவு எழுத வேண்டும். எனக்கு ஊர்ப்பற்று கொஞ்சம் கூடுதல். அந்தக் கணக்கெடுப்பில் 91.75 சதவீதம் எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு. கிறிஸ்தவர்களின் பங்கிலும் இதே மாவட்டம்தான் முதலிடம், 46.85 சதவீதம். அன்றிருந்த 32 மாவட்டங்களையும் எக்செல்லில் போட்டு வரைபடம் எடுத்தேன். கோடு மேல்நோக்கிப் போனது, வலது மேல் மூலையில் தனியாக எங்கள் மாவட்டம். ‘ஆகவே, கிறிஸ்தவர்கள் மற்றவர்களைவிட அதிகம் படித்தவர்கள்’ என்று முடித்துக் கொடுத்துவிட்டேன்.

தாள் திரும்பி வந்தபோது ‘கிறிஸ்தவர்கள்’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சாரிடம் போய்க் கேட்டேன். “உன் தரவுல கிறிஸ்தவர் யாராவது இருக்காங்களா மக்களே? 32 மாவட்டம்தான இருக்கு. மாவட்டம் பள்ளிக்கூடத்துக்குப் போகாது” என்றார்.

அப்புறம்தான் ‘எக்கலாஜிக்கல் ஃபாலசி’ என்ற பெயரையே ஒழுங்காகப் படித்தேன். தமிழில் ‘சூழலியல் பிழை’ என்று போட்டிருந்ததைப் பார்த்து, மேற்குத் தொடர்ச்சி மலை சம்பந்தப்பட்டது என்று அந்தப் பாடத்தைத் தள்ளி வைத்தவன் நான். உண்மையில் இது ஒரு கூட்டத்தின் சராசரியை வைத்துத் தனி ஆளைப் பற்றி முடிவு கட்டும் தவறு.

சார் ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போடச் சொன்னார். மாவட்டத்தில் நூறு பேர் என்று வைத்துக்கொள்வோம். தோராயமாக 47 பேர் கிறிஸ்தவர்கள், 53 பேர் மற்றவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 8 பேர். அந்த எட்டுப் பேர் யார் என்று மாவட்டக் கணக்கு சொல்லாது. எட்டுப் பேரும் கிறிஸ்தவர்களாக இருந்தால், 47 பேரில் 39 பேர் படித்தவர்கள். அதாவது 83 சதவீதம், மற்றவர்களோ முழு நூறு. எட்டுப் பேரும் மற்றவர்களாக இருந்தால் கிறிஸ்தவர்கள் நூறு சதவீதம், மற்றவர்கள் 85. இரண்டு விதமாகக் கற்பனை செய்தாலும் மாவட்டத்தின் 47, 53, 8 மாறவே இல்லை. என் முடிவும், அதற்கு நேர் எதிரான முடிவும் ஒரே தரவுக்குள் வசதியாக உட்கார்ந்திருந்தன.

குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு என்று எல்லை போடும் இந்த முறையை 1953-லேயே டங்கன், டேவிஸ் என்ற இருவர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் கிறிஸ்தவர்களின் எழுத்தறிவுக்கு 83 முதல் 100 வரை என்று ஓரளவு குறுகிய எல்லையாவது கிடைக்கிறது. ஒரு சமூகம் நூற்றில் இரண்டு பேராக மட்டும் இருக்கும் மாவட்டத்தில், இரண்டு பேருக்குக் குறையாமல் எழுத்தறிவில்லாதவர்களும் இருந்தால், எல்லை பூஜ்யம் முதல் நூறு வரை விரிந்துவிடும். என் வரைபடத்தின் இடது ஓரத்துப் புள்ளிகளில் பலவற்றின் கதி அதுதான்.

எல்லையை விடுங்கள், தொடர்பின் கூட்டல், கழித்தல் குறியே தலைகீழாகலாம் என்பதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1950-ல் எழுதிய கட்டுரையில், 1930-ம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்கிறார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இரண்டும் எந்த அளவு சேர்ந்து நகர்கின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு சுமார் –0.53. ஆள் ஆளாகப் பார்த்தால் +0.12, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். உள்ளூர்க்காரர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் குடியேறியதுதான் காரணம்.

இங்கேயும் அப்படி ஒரு ‘இடத்தின்’ கதை இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி இங்குள்ள மைலாடியில் மிஷன் வேலையைத் தொடங்கினார். இந்தப் பகுதியில் மிஷன் நடத்திய பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்தால், எந்த மதத்துப் பிள்ளையும் போய்ச் சேரலாம். அப்படியானால் வரைபடத்தில் மேலே நிற்பது ஊரின் வரலாறாக இருக்கலாம். அதையும் என் 32 புள்ளிகள் நிரூபிக்காது, ஒரு சாத்தியமாக மட்டுமே எழுத முடியும்.

இரண்டாவது தடவை எழுதும்போது தரவை மாற்றவில்லை, வாக்கியத்தை மாற்றினேன். ‘2011-ல் கிறிஸ்தவர்களின் பங்கு அதிகமுள்ள மாவட்டங்களில் எழுத்தறிவு விகிதமும் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிகிறது.’ எழுவாய் மாவட்டம். அதைத் தாண்டக் கூடாது. ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், மதமும் கல்வியும் குறுக்காகப் போட்ட கணக்கெடுப்பின் C-9 அட்டவணை அல்லது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் தனிநபர் பதிவுகள் வேண்டும் என்று வரம்பாகச் சேர்த்தேன். பிறகு ஒவ்வொரு பத்தியிலும் எழுவாயை மட்டும் அடிக்கோடிட்டுப் பார்த்தேன். ‘கடற்கரை மக்கள்’, ‘பெண்கள்’ என்று இரண்டு இடங்களில் ஆட்கள் மறுபடி நுழைந்திருந்தார்கள்.

சார் இந்த முறை ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். எழுத்தறிவு விகிதம் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, மதப் பங்கு எல்லா வயதினருக்கும். என் நூறு பேர் கணக்கில் இரண்டும் ஒரே நூறு அல்ல. வெள்ளைத்தாளில் அதைப் போடச் சொன்னதே அவர்தான் என்று சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. அடிக்குறிப்பாகச் சேர்த்துக் கொடுத்தேன்.