12.6 வோல்ட் காட்டிய பேட்டரியும் அசையாத காரும்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. சாவியைத் திருப்பினால் கார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிடும். பார்க்க வந்த மெக்கானிக் புது பேட்டரி போடச் சொல்லிவிட்டுப் போனார். இருப்பதற்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை! நேற்று மாலை அதே பேட்டரியில் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. எப்படி என்று எழுதியே தீர வேண்டும்.

அளக்க எடுத்தது என் மல்டிமீட்டர். அதன் டயல் நேர்மின்னோட்ட வோல்ட் பகுதியில் 20-இல். கருப்பு ஒயர் COM துளையில், சிவப்பு VΩmA துளையில். புதிதாக மீட்டர் வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு ஒயரைப் பார்த்துவிட்டே பேட்டரியைத் தொட வேண்டும். அது 10A துளையில் இருந்தால் மீட்டருக்குள் தடையே இல்லாதது போலத்தான். தொட்ட கணத்தில் பேட்டரி ஷார்ட் ஆகும். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு பியூஸும் கிடையாது, பக்கத்திலேயே UNFUSED என்று அச்சிட்டிருக்கும். கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடியது. ஒயர் கையிலேயே உருகும். நான் அந்தத் துளையை டேப் ஒட்டி அடைத்தே வைத்திருக்கிறேன்.

முனைக் கம்பிகளையும் அப்படியே விடவில்லை. சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போர்த்தி, நுனியில் நான்கு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி விட்டிருக்கிறேன். நுனி வழுக்கினாலும் பக்கத்து இரும்பில் உரசித் தீப்பொறி வராது. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பானட்டைத் திறப்பேன். சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அப்போது கிட்டவே போவதில்லை.

இரவு முழுதும் சும்மா நின்ற பேட்டரி காலையில் 12.58 வோல்ட் காட்டியது. முழு சார்ஜில் 12.6 முதல் 12.7 வரை இருக்கும், பாதி என்றால் 12.2 அளவில் நிற்கும். ஆக, சார்ஜ் குறையவில்லை. ஆனால் சும்மா இருக்கும்போது எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டார்ட்டர் மின்சாரத்தை இழுக்கும்போது என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போட்டேன். தங்கை மகன் உள்ளே உட்கார்ந்து, "மாமா, திருப்பட்டுமா?" என்றான். நான்கு விநாடி திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். மீட்டரின் எண் நிலைக்க அவ்வளவு நேரமாவது வேண்டும்.

நுனியை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பேட்டரியிலிருந்து எழுந்து நிற்கும் ஈயக் குமிழ் ஒன்று. அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் வேறு. முதலில் இரு குமிழ்களிலும் ஆளுக்கொரு நுனியாக வைத்தேன்: 12.0. அடுத்து இரு கிளாம்புகளிலும்: 7.6. நான்கு வோல்ட்டுக்கு மேல் வழியில் காணாமல் போகிறது! பிளஸ் குமிழுக்கும் அதன் கிளாம்புக்கும் இடையே வைத்துத் திருப்பினோம்: 0.1. மைனஸ் பக்கம்: 4.3. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்களுக்கு நடுவே 4.3 வோல்ட். அங்கேதான் கோளாறு.

மைனஸ் கிளாம்பை முதலில் கழற்றினேன், பிறகு பிளஸ். வெளியே பளிச்சென்றுதான் இருந்தது. மைனஸ் கிளாம்பின் உள்வளையத்தில் மட்டும் சாம்பல் நிறத்தில் கடினமான தோல் ஒன்று படிந்திருந்தது. வாடைக் காற்று கொண்டுவந்த உப்பு ஈரம் உள்ளே புகுந்து செய்த வேலை. சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, கம்பி பிரஷால் ஈயம் மின்னும்வரை தேய்த்தேன். பிளஸை முதலில் பூட்டி, மைனஸைக் கடைசியாக முடுக்கி, மேலே வாசலின் பூசினேன்.

மறுபடி அளந்தால் மைனஸ் இணைப்பில் 0.05. குமிழ்களுக்கு இடையே 10.6. முன்பைவிடக் குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். இப்போதுதான் ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டிய மின்சாரத்தை இழுக்கிறது. 9.6-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியைச் சந்தேகித்திருப்பேன்.

இதே சோதனையை டார்ச் லைட்டிலும் செய்து பார்த்தேன். மங்கலாக எரிந்த டார்ச்சின் இரண்டு செல்களும் எரியும்போதே தலா 1.4 வோல்ட் காட்டின. செல்லின் அடிப்பகுதிக்கும் அது உட்காரும் ஸ்பிரிங்குக்கும் இடையே மட்டும் 0.7. பச்சை பிடித்த ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்ததும் பழைய வெளிச்சம் வந்தது.

மீட்டரோடு வந்த ஒயர் விறைத்துப் போய்விட்டது. சென்னை போனால் ரிச்சி தெருவில் சிலிக்கான் உறை போட்ட ஒயர் வாங்க வேண்டும், முதலை வாய் கிளிப்போடு கிடைத்தால் இன்னும் நல்லது; சாவி திருப்ப ஆள் தேட வேண்டியதில்லை.

காரில் இன்னும் ஒன்று பாக்கி. மைனஸ் குமிழிலிருந்து எஞ்சின் இரும்புவரை அளந்தால், திருப்பும்போது 0.4 காட்டுகிறது. 0.2-க்குள் இருந்தால் திருப்தியாக இருக்கும். அடியில் எஞ்சினோடு சேரும் எர்த் ஒயரின் போல்ட்டை ஞாயிற்றுக்கிழமை கழற்றப் போகிறேன்.